"சீல் மாற்றியாச்சு" என்று மட்டும் எழுதியிருந்தால் நம்பாதீர்கள்

மொரீஷியஸில் ஒரு சர்க்கரை ஆலையில் பாய்லர் ஷிஃப்ட் சூப்பர்வைசராக இருக்கிறேன். தீபாவளிக்கு முந்தின நாள் நைட் ஷிஃப்ட். எனக்கு முன்னால் இருந்தவர் விட்டுப்போன ஹேண்டோவர் குறிப்பில் பாய்லருக்குத் தண்ணீர் ஏற்றும் ஃபீட் வாட்டர் பம்ப் பற்றி இருந்தது இவ்வளவுதான்: "பி பம்ப், சீல் மாற்றியாச்சு." நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது.

நள்ளிரவு தாண்டியதும் ஓடிக்கொண்டிருந்த ஏ பம்ப்பில் ஜல்லி அரைபடுகிற மாதிரி சத்தம். டிஸ்சார்ஜ் கேஜ் முள் ஆடியது. சக்‌ஷன் ஸ்ட்ரெய்னர், அதாவது தண்ணீர் உள்ளே வரும் வடிகட்டி, அடைத்துவிட்டது. சரி, பி-யைப் போடலாம் என்று போனால் பிரேக்கரில் ஃபிட்டரின் பூட்டு. மோட்டாரையும் பம்ப்பையும் இணைக்கும் கப்ளிங்கே இல்லை, போல்ட்டுகள் பேஸ்பிளேட் மேல் ஒரு துணியில் கிடந்தன. சீல் மாற்றியது உண்மைதான். ஆனால் அந்தப் பம்ப் ஓடாது. ஃபிட்டர் பண்டிகைக்கு ஊருக்குப் போய்விட்டார், சாவியும் அவரோடு.

இதற்குள் டிரம்மில் தண்ணீர் இறங்கி லோ லெவல் அலாரம் அடித்தது. அதற்கும் கீழே போனால் பாய்லர் தானாக நின்று ட்ரிப் ஆகவேண்டும். ஆகவில்லை. "அண்ணே, கிளாஸ்ல கீழே போயிட்டே இருக்கு" என்று மட்டம் காட்டும் கண்ணாடியைப் பார்த்து ஆபரேட்டர் கத்தியதால்தான் தெரிந்தது. பேனலைத் திறந்தால் ட்ரிப்பை வேலை செய்யாதபடி பைபாஸில் போட்டிருக்கிறார்கள். குறிப்பில் ஒரு வார்த்தை இல்லை.

கரும்புச் சக்கை எரிக்கும் பாய்லரில் ஃபீடரை நிறுத்தினாலும் கிரேட்டில் கிடக்கிற சக்கை எரிந்துகொண்டேதான் இருக்கும், தண்ணீர் போயே ஆகவேண்டும். கிளாஸில் தண்ணீர் மறைந்த பிறகோ தண்ணீர் விடவே கூடாது, சூடேறிய டியூப்பில் பட்டால் வெடிக்கலாம். ஃபீடரையும் ஃபேனையும் நிறுத்தச் சொல்லிவிட்டு ஸ்டீம் டர்பைன் பம்ப்புக்கு ஓடினேன். கேஸிங் டிரெய்னைத் திறந்து, தேங்கியிருந்த தண்ணீரை வடித்து, மெதுவாக ஏற்றினோம். கிளாஸின் அடியில் இரண்டு விரல் உயரம் இருக்கும்போது மட்டம் ஏறத் தொடங்கியது.

1988-இல் வட கடலில் பைப்பர் ஆல்ஃபா எண்ணெய் மேடையில் 167 பேர் இறந்தார்கள். அங்கேயும் ஒரு பம்ப்பின் சேஃப்டி வால்வைக் கழற்றியிருந்த செய்தி அடுத்த ஷிஃப்டுக்குப் போய்ச் சேரவில்லை.

ஷிஃப்ட் மாறும்போது செய்த வேலையின் பெயரை எழுதினால் போதாது. அந்த மெஷின் இப்போது ஓடுமா, ஓடாதா? பூட்டு யாருடையது? எந்தப் பாதுகாப்பு பைபாஸில் இருக்கிறது, அந்த பைபாஸை எடுக்கும்வரை அதை யார் கவனிப்பது? இதையெல்லாம் இப்போது எழுதி வாங்குகிறேன். அப்புறம் இருவரும் நேரில் போய்ப் பார்த்த பிறகுதான் கையெழுத்து. வீட்டுக்குப் போக நேரமாகிறது என்று முணுமுணுக்கிறார்கள், முணுமுணுக்கட்டும்.

அன்று காலை நான் எழுதிக் கொடுத்தது:

"பி பம்ப் ஓடாது. கப்ளிங் மாட்டவில்லை, அலைன்மென்ட் பார்க்கவில்லை. பூட்டு பகல் ஷிஃப்ட் ஃபிட்டருடையது, அவர் வராமல் உடைக்காதீர்கள். ஏ பம்ப் ஸ்ட்ரெய்னர் சுத்தம் செய்து ஓடுகிறது, மறுபடி அடைக்கலாம், சக்‌ஷன் பிரஷரைப் பாருங்கள். ஸ்டீம் பம்ப் சூடாகத் தயார். லெவல் ட்ரிப் பைபாஸை எடுத்துவிட்டேன், பொய் ட்ரிப் வந்தால் திரும்பப் போடாமல் இன்ஸ்ட்ருமென்ட் ஆளைக் கூப்பிடுங்கள்."