நான்கு வரிகளுக்கு நடுவே

பாம்பன் பக்கம் சின்னப்பாலத்தில் எடுக்கவிருந்த குறும்படத்துக்குக் காட்சி எழுதும் வேலை எனக்கு. இயக்குநர் கொடுத்த ஒன்லைன் இவ்வளவுதான்: செல்வி கடல்பாசி எடுக்க வர மறுக்கிறாள். அம்மா தனியாகப் போகிறாள். அம்மாவின் காலைப் பாறை கிழிக்கிறது. செல்வி கடலில் இறங்குகிறாள்.

ஒன்லைன் கைக்கு வந்ததும் நான் முதலில் பார்ப்பது வரிகளுக்கு நடுவில் உள்ள இடத்தைத்தான். அங்கே ‘அப்புறம்’ என்று போட்டால் பொருந்துகிறதா, ‘அதனால்’ என்று போட்டால் பொருந்துகிறதா? ‘அப்புறம்’ மட்டுமே பொருந்தினால் அந்தக் காட்சியைத் தூக்கிவிட்டாலும் அடுத்தது அப்படியே நிற்கும். முதல் இரண்டு வரிகள் அப்படித்தான் இருந்தன. மகள் வரவில்லையென்றால் அம்மா நாளைக்குப் போகலாமே?

பாசி எடுக்கும் அக்காமாரிடம் கேட்டதில் விடை கிடைத்தது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி நீர் நன்றாக வற்றும் சில நாள்கள்தான் அவர்களுக்கு வேலை. விட்டால் அடுத்த வற்று வரை காத்திருக்க வேண்டும். அம்மா ஏற்கெனவே யாவாரியிடம் முன்பணம் வாங்கியிருக்கிறாள் என்று வைத்தேன். இப்போது மகளின் மறுப்பே அம்மாவைத் தனியாக அனுப்புகிறது.

கடினம் மூன்றுக்கும் நான்குக்கும் இடையில். செல்வியின் மனம் மாறும் இடமே பட்டியலில் இல்லை. “இனிமே நான் போறேம்மா” என்று ஒரு வசனம் போதும் என்றார் இயக்குநர். எனக்கு ஒப்பவில்லை. மனம் மாறியதைப் பாத்திரமே சொல்லிவிட்டால், பார்ப்பவர் உணர எதுவும் மிஞ்சாது.

பாறையில் கை அறுபடாமலிருக்க அந்தப் பெண்கள் விரல்களில் துணி சுற்றுவார்கள். ஒரு கையால் முடிச்சுப் போடுவது சிரமம். அதை எடுத்துக்கொண்டேன். முதல் காட்சியில் அம்மா கையை நீட்டுகிறாள். செல்வி முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். அம்மா பல்லால் இழுத்து முடிச்சை இறுக்குகிறாள். மூன்றாவது காட்சியில் காலில் ரத்தத்தோடு வந்து உட்கார்ந்த அம்மாவின் விரலில் அதே முடிச்சு, நனைந்து இறுகிக் கிடக்கிறது. செல்வி நகத்தால் முயல்கிறாள், முடியவில்லை. பல்லால் இழுத்து அவிழ்க்கிறாள். அவிழ்த்த துணியை உதறிப் போடாமல் கையிலேயே வைத்திருக்கிறாள். வசனம் இல்லை.

இரண்டிலிருந்து மூன்றுக்குப் போகப் பல மணி நேரத்தைத் தாண்ட வேண்டும். செல்வி கோபத்தோடே, “எப்ப வருவ?” என்கிறாள். “தண்ணி ஏறுனா வந்துருவேன்.” வெட்டு. தண்ணீர் ஏறி, படகு கட்டும் கல் மூழ்கிவிட்டது. செல்வி மட்டும் கரையில். நேரம் போனதும் அவளுடைய பயமும் ஒரே ஷாட்டில் வந்துவிடுகின்றன.

நான்காவதற்கு அப்படி எந்த இணைப்பும் வைக்கவில்லை. துணி செல்வியின் கையில் தங்கியபோதே அவள் போவாள் என்று தெரிந்துவிடுகிறது. அதனால் அடுத்த ஷாட்டில் அவள் இடுப்பளவு நீரில் நிற்கிறாள். நான்கு வரியில் முக்கியமானது என்று இயக்குநர் நினைத்த காட்சி, தாளில் கால் பக்கம்தான் வந்தது.