1,500 டாலர் இன்வாய்ஸ்: வங்கிக் கட்டணத்தையும் மாற்று விகித லாபத்தையும் பிரித்து எழுதிய கதை

நான் கோயம்புத்தூரில் இருந்து வேலை செய்யும் ஃப்ரீலான்ஸ் வெப் டெவலப்பர். அமெரிக்காவில் உள்ள ஒரு சிறு நிறுவனம் எனக்கு டாலரில் பணம் அனுப்புகிறது. ஜிஎஸ்டி பதிவு இருக்கிறது. ஒவ்வொரு நிதியாண்டும் எல்யூடி என்ற உறுதிமொழிப் பத்திரம் போட்டு, வரி வசூலிக்காமல் ஏற்றுமதி இன்வாய்ஸ் கொடுக்கிறேன். 2024 நவம்பர் கடைசி வாரத்தில் 1,500 டாலருக்கு ஒரு இன்வாய்ஸ் அனுப்பினேன். டாலருக்கு அன்று எஃப்பிஐஎல் நிறுவனம் வெளியிட்ட ரெஃபரன்ஸ் விகிதம் ஏறத்தாழ 84.40 ரூபாய் என்பதால், என் புத்தகத்தில் விற்பனையாகவும் வரவேண்டிய பாக்கியாகவும் ஏறிய தொகை 1,26,600 ரூபாய்.

ஜனவரி இரண்டாம் வாரத்தில் பணம் வந்தது. பாஸ்புக்கில் 1,25,745.38 என்று ஒரே வரி. இடைப்பட்ட நாட்களில் ரூபாய் நன்றாகச் சரிந்திருந்தது. டிசம்பரில் டாலர் 85 ரூபாயைத் தாண்டியது எல்லாருக்கும் தெரியும். டாலர் ஏறியிருக்கும்போது, இன்வாய்ஸ் தொகையைவிட 854.62 ரூபாய் குறைவாக வந்தது எப்படி என்பதுதான் எனக்குப் பிடிபடவில்லை. வித்தியாசத்தை 'வங்கிக் கட்டணம்' என்று எழுதி பாக்கியை முடித்துவிடுவது சுலபம், பலரும் அப்படித்தான் செய்கிறார்கள். ஆனால் அந்த 854.62க்குள் ஒரு லாபமும், வெவ்வேறு கைகளுக்குப் போன மூன்று பிடித்தங்களும் கலந்து கிடந்தன. அவற்றைத் தனித்தனியாக எடுக்காமல் கணக்கு சரியாகாது.

முதலில் கிளையண்டிடம் கேட்டேன். முழு 1,500 டாலரும் அனுப்பியதாகச் சொன்னார்கள், அது உண்மைதான். அடுத்து என் வங்கியின் அந்நியச் செலாவணிப் பிரிவுக்கு எழுதி, வெளிநாட்டுப் பணம் வந்த விவரத்தைச் சொல்லும் இன்வர்ட் ரெமிட்டன்ஸ் அட்வைஸையும், வங்கிகள் தங்களுக்குள் அனுப்பிக்கொள்ளும் ஸ்விஃப்ட் செய்தியின் நகலையும் கேட்டேன். ஏற்றுமதிப் பணம் வந்ததற்கு அந்த அட்வைஸ் ஆதாரம். ஆகவே அதை எப்படியும் வாங்கித்தான் ஆக வேண்டும். ஸ்விஃப்ட் நகலைத் தானாகத் தரமாட்டார்கள், கேட்டால் தருவார்கள். MT103 என்ற வகையைச் சேர்ந்த அந்த ஸ்விஃப்ட் செய்தியில் எனக்குத் தேவைப்பட்டது இந்த நாலு வரிகள்தான்:

```
:32A:250108USD1480,
:33B:USD1500,
:71A:SHA
:71F:USD20,
```

33B என்பது கிளையண்ட் அனுப்பச் சொன்ன தொகை. 32A வரியில் தேதியும், என் வங்கியின் கைக்கு வந்து சேர்ந்த தொகையும் இருக்கின்றன: 2025 ஜனவரி 8, 1,480 டாலர். 71Fல் வழியில் கழிக்கப்பட்ட 20 டாலர். அது ஏன் கழிந்தது என்பதற்கு 71A பதில் சொல்கிறது. SHA என்றால் அனுப்புகிறவர் தன் வங்கியின் கட்டணத்தை மட்டும் கொடுப்பார். அதற்கு அப்புறம் வரும் இடை வங்கிகளின் கட்டணம் பெறுகிறவர் தலையில். அமெரிக்க வங்கிக்கும் என் வங்கிக்கும் நேர்த்தொடர்பு இல்லாததால் நடுவில் வேறொரு வங்கி வந்து தன் பங்கை எடுத்துக்கொண்டது. இதில் என் வங்கிக்கும் கிளையண்டுக்கும் எந்தப் பங்கும் இல்லை.

பணம் 8ஆம் தேதியே வந்துவிட்டாலும் என் கணக்கில் ஏறியது 9ஆம் தேதி. என்ன வேலைக்கான பணம் என்று பர்பஸ் கோடு கேட்டு வங்கியிலிருந்து மின்னஞ்சல் வந்திருந்தது. மென்பொருள் ஆலோசனைக்கான P0802 என்று எழுதி, இன்வாய்ஸ் நகலையும் இணைத்து அனுப்பிய பிறகுதான் ரூபாயாக மாற்றினார்கள். மாற்றிய அன்றைய விகிதம்தான் நமக்குக் கிடைக்கும், வந்து சேர்ந்த நாளின் விகிதம் கிடைக்காது. அட்வைஸில் இருந்த விகிதம் 85.30. அன்றைய சந்தை விகிதத்தைவிட இது பல பைசா குறைவு. அந்த இடைவெளிதான் வங்கியின் மார்ஜின், அதைக் கட்டணம் என்று எந்தக் காகிதத்திலும் போடமாட்டார்கள். கணக்கிலும் அதற்குத் தனிப் பதிவு கிடையாது, விகிதத்துக்குள்ளேயே அடங்கிவிடுகிறது.

இந்தக் காகிதங்களோடு ஆடிட்டரிடம் போனேன். வயதில் பெரியவர், எங்கள் தெருவில் பலருக்கும் அவர்தான் கணக்குப் பார்க்கிறார். பாஸ்புக்கை ஒதுக்கி வைத்துவிட்டு, "தம்பி, கைக்கு வந்ததிலிருந்து ஆரம்பிக்காதீங்க. கிளையண்ட் எவ்வளவு கடனை அடைச்சாரு? அதிலிருந்து ஆரம்பிங்க" என்றார்.

"1,500 டாலர் சார். 1,480 இல்லை."

"அவ்வளவுதான். அந்த 1,500க்கும் கிரெடிட் ஆன நாளோட விகிதத்தைப் போடுங்க."

1,500 டாலரை 85.30ஆல் பெருக்கினால் 1,27,950 ரூபாய். புத்தகத்தில் இருந்த பாக்கி 1,26,600. வித்தியாசமான 1,350 ரூபாய் மாற்று விகித லாபம். கிரெடிட் ஆன நாளில் அது லாப நட்டக் கணக்குக்குப் போகிறது. அது வரை பாக்கி பாக்கியாகவே கிடந்தது. அன்றுதான் பணமாக மாறி, லாபம் எவ்வளவு என்பது உறுதியானது. பணம் 8ஆம் தேதி வங்கியின் வெளிநாட்டுக் கணக்கில் இருந்தது உண்மைதான், ஆனால் அது என் கையில் இல்லை, என்ன விகிதம் கிடைக்கும் என்பதும் அன்று தெரியாது. அதனால் 9ஆம் தேதி.

கழிந்த 20 டாலருக்கும் அதே 85.30தான்: 1,706 ரூபாய், செலவு. இதற்கு நவம்பர் விகிதத்தைப் போட்டால் இரண்டு பக்கமும் ஒட்டாது. மிச்சம் 1,480 டாலர் 1,26,244 ரூபாய் ஆனது.

அதிலிருந்து என் வங்கி எடுத்தது இரண்டு. ஒன்று, கையாளும் கட்டணம் 250 ரூபாயும் அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 45 ரூபாயும். இன்னொன்று, பலருக்கும் புரியாத ஒன்று: நாணய மாற்றத்தின் மேல் வரும் ஜிஎஸ்டி. மாற்றிய முழுத் தொகைக்கும் 18 சதவீதம் வராது. வங்கி செய்த சேவைக்கு விதிப்படி ஒரு மதிப்பு வைத்து, அந்த மதிப்புக்குத்தான் வரி. ஒரு லட்சம் ரூபாய் வரை மாற்றினால் தொகையில் 1 சதவீதம்தான் மதிப்பு, குறைந்தது 250 ரூபாய். ஒரு லட்சத்துக்கு மேல் பத்து லட்சம் வரை என்றால் 1,000 ரூபாயும், லட்சத்துக்கு மேற்பட்ட தொகையில் அரை சதவீதமும். எனக்கு மேற்பட்டது 26,244. அதில் அரை சதவீதம் 131.22. ஆக மதிப்பு 1,131.22, அதில் 18 சதவீதம் 203.62 ரூபாய். அட்வைஸில் இருந்ததும் பைசா மாறாமல் இதேதான். இப்படிக் கையால் போட்டுப் பார்த்த பிறகுதான் வங்கி பிடித்தது சரி என்ற நம்பிக்கை எனக்கு வந்தது.

ஜனவரி 9ஆம் தேதிப் பதிவை ஒரே ஜர்னலாக எழுதினோம். பற்றுப் பக்கத்தில் வங்கி 1,25,745.38, வெளிநாட்டு வங்கிக் கட்டணம் 1,706, உள்ளூர் வங்கிக் கட்டணம் 250, உள்ளீட்டு ஜிஎஸ்டி 248.62. வரவுப் பக்கத்தில் கிளையண்ட் பாக்கி 1,26,600, மாற்று விகித லாபம் 1,350. இரண்டு பக்கமும் 1,27,950. அந்த 248.62ஐ செலவில் சேர்க்காமல், அரசிடம் திரும்பக் கோரக்கூடிய உள்ளீட்டு வரியாக வைத்ததற்குக் காரணம், வங்கியில் என் ஜிஎஸ்டி எண்ணைக் கொடுத்திருக்கிறேன், அவர்களின் வரி இன்வாய்ஸ் என் எண்ணில் வருகிறது. எண் கொடுக்காதவர்களுக்கும் பதிவே இல்லாதவர்களுக்கும் அது செலவுதான்.

ஜிஎஸ்டி பக்கம் ஒரு கேள்வி எழுந்தது. 20 டாலர் குறைவாக வந்ததால் இன்வாய்ஸைக் குறைத்து கிரெடிட் நோட் போட வேண்டுமா? வேண்டியதில்லை. கிளையண்ட் முழுத் தொகையும் கொடுத்துவிட்டார், விலை குறையவில்லை. விற்பனையைக் காட்டும் GSTR-1 ரிட்டர்னில் இன்வாய்ஸ் நாளின் 1,26,600 அப்படியே இருக்கும். 1,350 லாபமும் அங்கே போகாது, அது நான் விற்ற சேவைக்கான விலை அல்ல. அட்வைஸில் 1,480 என்றும் இன்வாய்ஸில் 1,500 என்றும் இருப்பதை யாராவது கேட்டால், 33B வரியும் 71F வரியும் இருக்கும் அந்த ஸ்விஃப்ட் நகல்தான் பதில். இன்வாய்ஸோடு சேர்த்து அதை ஒரே கோப்பில் வைத்திருக்கிறேன்.

வருமான வரியில் ஆளுக்கு ஆள் மாறும். நான் வரவேண்டியதைக் கணக்கில் கொள்ளும் முறையில் முழுப் புத்தகம் வைத்திருப்பதால், விற்பனையும் லாபமும் செலவும் தனித்தனியாகக் காட்டப்படுகின்றன. வந்த பணத்தை மட்டும் எழுதும் ரொக்க முறைக்காரருக்கு, இன்வாய்ஸ் நாளில் பதிவே இல்லாததால் இந்த லாபம் என்ற தனிப் பதிவும் எழாது. 44ஏடிஏ பிரிவில் மொத்த வரவில் பாதியை வருமானமாகக் காட்டுகிறவர்கள்தான் கவனிக்க வேண்டும். அந்தப் பாதியிலேயே எல்லாச் செலவும் அடங்கிவிட்டதாகச் சட்டம் எடுத்துக்கொள்கிறது. அதனால் அவர்கள் பாஸ்புக்கின் 1,25,745ஐ மொத்த வரவு என்று போட்டால், கட்டணத்தை இரண்டாம் தடவை கழித்தது போல ஆகிவிடும். கட்டணம் கழிக்காத தொகையைத்தான் வரவாக எடுக்க வேண்டும் என்பதில் ஆடிட்டர் கறாராக இருந்தார்.

இதே முறையில் அடுத்து எழுதியது ஆண்டு முடிவில் மாட்டிய ஓர் இன்வாய்ஸ். 2025 மார்ச் தொடக்கத்தில் 1,000 டாலர், விகிதம் சுமார் 87.10. மார்ச் 31 வரை பணம் வரவில்லை. அதற்குள் ரூபாய் வலுத்து சுமார் 85.60க்கு வந்துவிட்டது. வெளிநாட்டு நாணயத்தில் நிற்கும் பாக்கியை ஆண்டு முடிவு விகிதத்துக்கு மாற்றி எழுத வேண்டும் என்பது கணக்கியல் விதி. எனவே மார்ச் 31 தேதியில் 1,500 ரூபாய் நட்டம் எழுதினோம். ஏப்ரலில் வங்கி 85.20க்கு மாற்றியபோது ஒப்பிட்டது பழைய 87.10ஓடு அல்ல, 85.60ஓடு. ஆகவே புது ஆண்டில் ஏறியது 400 ரூபாய் நட்டம் மட்டும். 1,900 முழுவதையும் ஏப்ரலில் எழுதியிருந்தால் போன வருட லாபம் கூடுதலாகக் காட்டப்பட்டிருக்கும்.

20 டாலர் விஷயத்தையும் கிளையண்டிடம் பேசினேன். மறுக்கவில்லை, தங்கள் வங்கிப் படிவத்தில் கட்டணத்தை யார் ஏற்பது என்று ஒரு தேர்வு இருப்பதே அவர்களுக்குத் தெரிந்திருக்கவில்லை. இப்போது என் இன்வாய்ஸின் அடியில், வங்கிக் கட்டணங்கள் அனுப்புகிறவரைச் சேர்ந்தவை, OUR என்று தேர்ந்தெடுத்து அனுப்பவும் என்று ஒரு வரி இருக்கிறது. அதற்குப் பிறகு வந்த பணத்தில் 71Aல் OUR என்று இருந்தது, 32Aலும் 33Bலும் ஒரே தொகை. அந்த மாதத்து ஜர்னலில் வெளிநாட்டு வங்கிக் கட்டணம் என்ற வரி எழுத வேண்டியிருக்கவில்லை. உள்ளூர் வங்கியின் 250 ரூபாயும் ஜிஎஸ்டியும் மட்டும் வழக்கம்போல வந்தன.