சென்னை டூ திருச்சி: வீட்டுக்கு என்ன நேரம் சொல்வது?

வெள்ளிக்கிழமை சாயங்காலம் காரில் கிளம்புகிறீர்களா? மதியம் மேப்பைப் பார்த்துவிட்டு அம்மாவிடம் நேரம் சொல்லாதீர்கள். சுமார் 330 கிலோமீட்டருக்கு அது ஆறு மணி நேரம் காட்டினால், அது மதியத்துச் சாலையின் கணக்கு.

கூகுள் மேப்ஸில் புறப்படும் நேரத்தை மாலை 6 என்று வைத்துப் பாருங்கள். இத்தனையிலிருந்து இத்தனை வரை என்று வரும். பெரிய எண்ணையே எடுங்கள், ஏழரை என்று வைப்போம். கூடுதல் நேரத்தில் பெரும்பகுதி தாம்பரம், செங்கல்பட்டு தாண்டுவதற்குள் போய்விடும். திண்டிவனத்துக்கு அப்புறம் ஓரளவு சீராகப் போகலாம்.

சரி, நிறுத்தங்கள்? மேப் தானாக அதைச் சேர்க்காது. சாப்பாட்டுக்கு 40 நிமிடம், டீக்கு 15, பெட்ரோலுக்கு 10. ஆக 8 மணி 35 நிமிடம். வீடு சேர நள்ளிரவு தாண்டி 2:35 ஆகும். குழந்தைகள் இருந்தால் மூன்று என்றே சொல்லிவிடுங்கள், பாவம், அம்மா விழித்துக்கொண்டிருப்பார்.