0.4 பெரிதா, 0.35 பெரிதா?

ஏழாம் வகுப்பில் தசம எண்களைத் தொடங்கும்போதெல்லாம் ஒரு தவறு தவறாமல் வந்து நிற்கும். 0.4, 0.35 இரண்டில் எது பெரியது என்று கேட்டால் வகுப்பில் ஏறக்குறையப் பாதிப் பேர் 0.35 என்று எழுதுவார்கள். காரணம் கேட்டால் தயங்காமல் சொல்வார்கள்: "முப்பத்தஞ்சு நாலைவிடப் பெருசுதானே டீச்சர்." நான் வேலை பார்ப்பது ஓர் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில். இந்த ஒரே தவறை எடுத்துக்கொண்டு ஒரு கல்வியாண்டில் சுற்றுச் சுற்றாகச் செய்த செயல் ஆராய்ச்சியைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

ஆசிரியர்களில் பலருக்குச் செயல் ஆராய்ச்சி என்றால் ஓர் அறிக்கைதான் நினைவுக்கு வரும். பிரச்சினை, காரணம், கருதுகோள், முன் தேர்வு, பதினைந்து நாள் பயிற்சி, பின் தேர்வு, ஏறிப் போகும் ஒரு வரைபடம். ஆனால் 1946இல் கர்ட் லெவின் இந்த முறையைப் பற்றி எழுதியபோது, திட்டமிட்டு, செய்து, என்ன விளைந்தது என்று பார்த்து, அதை வைத்து மறுபடி திட்டமிடும் சுற்றுப் படிகளாகத்தான் அதைச் சொன்னார். பின்னாளில் ஆஸ்திரேலியாவின் டீக்கின் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கெம்மிஸும் மெக்டாகர்ட்டும் திட்டம், செயல், உற்றுநோக்கல், மீள்சிந்தனை என்ற நான்கு படிகளாக அதை ஆசிரியர்களுக்கு எடுத்துச் சென்றார்கள். ஒரே சுற்றோடு அறிக்கையை மூடிவிட்டால் மூன்றாவது படியும் நான்காவது படியும் பெயருக்குத்தான் இருக்கும். என் வகுப்பில் விஷயமே அந்த இரண்டு படிகளில்தான் இருந்தது.

முதலில் பிரச்சினையைச் சுருக்க வேண்டியிருந்தது. "மாணவர்கள் தசமத்தில் பின்தங்கியுள்ளனர்" என்று எழுதிக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. தசமங்களை ஒப்பிடும்போது பிள்ளைகள் என்ன நினைத்து விடை சொல்கிறார்கள், என் பாடம் அந்த நினைப்பை என்ன செய்கிறது? இந்த அளவுக்குக் கேள்வி குறுகிய பிறகுதான் எதைப் பார்க்க வேண்டும் என்பது தெளிவானது.

அடுத்தது வினாத்தாள். மெல்போர்ன் பல்கலைக்கழகத்தில் கே ஸ்டேசி, விக்கி ஸ்டைன்லி ஆகியோர் தசம ஒப்பீட்டுத் தவறுகளை விரிவாக ஆராய்ந்திருக்கிறார்கள். அவர்களிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது ஒரே ஒரு யோசனை: எத்தனை கணக்கு தவறு என்று எண்ணாதே, எந்த வகைக் கணக்கு தவறு என்று பார். அதனால் இணைகளை வகை பிரித்துக் கேட்டேன். முதல் வகையில் 0.4, 0.35 அல்லது 4.8, 4.63 போன்றவை. இவற்றில் இலக்கம் குறைவாக உள்ள எண்ணே பெரியது. இரண்டாம் வகையில் 0.3, 0.47 அல்லது 5.62, 5.736 போன்றவை. இவற்றில் இலக்கம் அதிகமாக உள்ளதே பெரியது. இவற்றோடு 3.05, 3.4 போல நடுவில் பூச்சியம் வரும் ஒன்றிரண்டும், கடைசியில் 17.35, 17.353 என்ற இணையும்.

நீளமான எண்தான் பெரியது என்று நினைக்கும் பிள்ளை முதல் வகையை முழுக்கத் தவறாகவும் இரண்டாம் வகையை முழுக்கச் சரியாகவும் போடும். இதற்கு நேர்மாறாக, குட்டையான எண்தான் பெரியது என்று நினைக்கும் பிள்ளைகளும் உண்டு. அவர்கள் முதல் வகையைச் சரியாகவும் இரண்டாம் வகையைத் தவறாகவும் போடுவார்கள். இரண்டு பிள்ளைகளுக்கும் மதிப்பெண் ஒன்றுதான், ஆனால் நினைப்பு வேறு. மொத்த மதிப்பெண்ணை மட்டும் பதிவேட்டில் ஏற்றினால் இந்த வித்தியாசம் கண்ணில் படவே படாது.

முதல் சுற்றில் புத்தக வழியையே கையாண்டேன். வலது பக்கம் பூச்சியம் சேர்த்து இலக்கங்களைச் சமமாக்கு, அப்புறம் ஒப்பிடு. 0.4ஐ 0.40 ஆக்கினால் 0.40, 0.35 என்று ஆகிவிடும். விடை தானாக வரும். சில நாளிலேயே வகுப்பில் பெரும்பாலோர் முதல் வகையைச் சரியாகப் போட ஆரம்பித்தார்கள். அறிக்கைக்கு வேண்டிய வரைபடம் அங்கேயே கிடைத்துவிட்டது.

ஆனால் உற்றுநோக்கலுக்காக இன்னொரு கேள்வியையும் வைத்திருந்தேன்: "0.3க்கும் 0.4க்கும் நடுவில் எண் ஏதாவது இருக்கிறதா?" ஒப்பீட்டில் எல்லாமே சரியாகப் போட்டவர்களில் பலர் "இல்லை" என்றார்கள். ஒரு மாணவி, எண்கோட்டில் 0.35ஐக் குறிக்கச் சொன்னபோது 0.9ஐத் தாண்டிக் கோட்டை நீட்டி அங்கே குறித்தாள். அவள் தாளில் 0.40 > 0.35 என்று சரியாக எழுதியிருந்தாள். அதை எப்படிக் கண்டுபிடித்தாய் என்று கேட்டேன். "பூச்சியம் போட்டா நாப்பது டீச்சர். நாப்பது பெருசு" என்றாள்.

முதல் சுற்றின் மீள்சிந்தனை முழுக்க இந்தப் பதிலைச் சுற்றித்தான். பூச்சியம் சேர்க்கும் வழி, முழு எண்ணாக நினைக்கும் பழக்கத்தை அசைக்கவே இல்லை. அந்தப் பழக்கத்தை வைத்துக்கொண்டே சரியான விடைக்கு வருவதற்கு ஒரு குறுக்கு வழியைத் தந்திருக்கிறது. முன்பு 4ஐயும் 35ஐயும் ஒப்பிட்டாள், இப்போது 40ஐயும் 35ஐயும் ஒப்பிடுகிறாள். புள்ளிக்குப் பின்னால் உள்ளதை ஒரு பகுதியாக அவள் இன்னும் பார்க்கவில்லை.

இரண்டாவது சுற்றில் அந்தப் பகுதியைக் கையில் கொடுக்க நினைத்தேன். சார்ட் அட்டையை ஒட்டி, கரும்பலகையின் ஓரத்தளவு நீளமான ஒரு பட்டை. அதுதான் ஒன்று. அதைப் பத்தாக வெட்டினால் பத்தில் ஒன்று. அந்தத் துண்டில் ஒன்றை எடுத்து மறுபடி பத்தாக வெட்டினால் நூறில் ஒன்று. 0.35 என்றால் பெரிய துண்டு மூன்று, சின்னத் துண்டு ஐந்து. 0.4 என்றால் பெரிய துண்டு நான்கு மட்டும். இரண்டையும் தரையில் ஒன்றன் கீழ் ஒன்றாக அடுக்கினால் எது நீளம் என்று கண்ணாலேயே தெரியும். பட்டையில் அளவுகோல் குறிகள் எதுவும் இருக்கக் கூடாது என்பதில் கவனமாக இருந்தேன். சென்டிமீட்டர் என்ற சொல் உள்ளே வந்துவிட்டால் அது மறுபடி நாற்பதும் முப்பத்தைந்தும் ஆகிவிடும்.

எங்கள் பள்ளி அறிவியல் ஆசிரியை தன் ஓய்வுப் பாடவேளைகளில் வகுப்பின் கடைசியில் உட்கார்ந்து குறிப்பெடுத்துக் கொடுத்தார். அவரிடம் கேட்டுக்கொண்டது ஒன்றுதான்: "புரிந்தது", "புரியவில்லை" என்று எழுத வேண்டாம், பிள்ளைகள் வாயிலிருந்து வந்ததை அப்படியே எழுதுங்கள். இந்தச் சுற்றில் நடந்ததைக் காட்டிக்கொடுத்தது அந்த நோட்டுதான்.

பட்டைக்குப் பிறகு வைத்த தேர்வில் முதல் வகை நன்றாக வந்தது. எண்கோட்டுக் கேள்வியும் தேறியது. ஆனால் இரண்டாம் வகையில், முன்பு சரியாகப் போட்டுக்கொண்டிருந்த ஏழெட்டுப் பேர் இப்போது தவறு செய்தார்கள். 0.3, 0.47 இரண்டில் 0.3 பெரியது என்றார்கள். அறிவியல் ஆசிரியையின் நோட்டில் ஒரு பையன் பக்கத்தில் இருந்தவனுக்குச் சொன்னது இருந்தது: "நூறுல ஒண்ணு குட்டித் துண்டுடா. அது வந்தாலே சின்ன நம்பர்."

அவன் சொன்னதில் பாதி சரி. நூறில் ஒன்று சிறிய துண்டுதான். 0.47இல் அதற்கு முன்னால் பெரிய துண்டு நான்கு இருப்பதை அவன் விட்டுவிட்டான். இந்த நினைப்பு எங்கிருந்து வந்தது என்று பாடக்குறிப்பைப் புரட்டிப் பார்த்தபோது விடை அங்கேயே இருந்தது. பட்டையை வைத்து வகுப்பில் செய்த இணைகள் பெரும்பாலும் முதல் வகை, ஏனென்றால் சரிசெய்ய நினைத்த தவறு அந்த வகையில்தான் இருந்தது. அடுக்கிய ஒவ்வொரு முறையும் குட்டையான எண்ணே நீளமாக வந்தால், அதையே ஒரு விதியாக எடுத்துக்கொள்வது பிள்ளைகளுக்கு இயல்புதானே.

இதில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. வினாத்தாளில் முதல் வகை மட்டும் இருந்திருந்தால் இந்தச் சுற்று முழு வெற்றியாகத் தெரிந்திருக்கும். இரண்டு வகையும் இருந்து மொத்த மதிப்பெண்ணை மட்டும் பார்த்திருந்தால், அந்த ஏழெட்டுப் பேரும் இருந்த இடத்திலேயே நிற்பது போலத் தெரிந்திருக்கும். உண்மையில் அவர்கள் ஒரு தவறான நினைப்பிலிருந்து அதற்கு எதிரான இன்னொன்றுக்கு முழுசாக மாறியிருந்தார்கள். பட்டை வேலை செய்யவில்லை என்று அதைத் தூக்கிப் போடுவதும் தவறாகியிருக்கும். மாற வேண்டியது எடுத்துக்காட்டுகளின் கலவை.

மூன்றாவது சுற்றில் மூன்று விஷயங்களை மாற்றினேன். இணைகளை வகை கலந்து கொடுத்தேன். "புள்ளி முப்பத்தைந்து" என்று வாசிப்பதை நிறுத்தி, நானும் பிள்ளைகளும் "புள்ளி மூன்று ஐந்து" என்றே வாசித்தோம், முப்பத்தைந்து என்று காதில் விழும்வரை அது முழு எண்ணாகத்தான் தோன்றும் என்பதால். மூன்றாவது, வகுப்பின் குறுக்கே ஒரு கயிறு. ஒரு முனையில் 0, மறுமுனையில் 1. பிள்ளைகள் எண் அட்டையைத் துணி கிளிப்பால் கயிற்றில் மாட்ட வேண்டும். இடம் தவறு என்று நினைப்பவர் அதை நகர்த்தலாம், ஆனால் காரணம் சொல்லிவிட்டுத்தான் நகர்த்த வேண்டும்.

அந்தப் பையன் 0.47ஐ 0.3க்கு இடப்பக்கம் மாட்டினான். எதிர் வரிசையிலிருந்து ஒரு மாணவி எழுந்து வந்து, "நாலு பெரிய துண்டு போயாச்சுல்ல, அப்புறம்தானே குட்டித் துண்டு" என்று சொல்லி அதை 0.4ஐத் தாண்டி மாட்டினாள். அவன் கொஞ்ச நேரம் கயிற்றையே பார்த்துவிட்டு, 0.52 அட்டையைத் தானே எடுத்துச் சரியான இடத்தில் மாட்டினான். இடப்பக்க இலக்கத்திலிருந்து பார்த்து, முதலில் மாறுபடும் இடத்திலேயே நின்று முடிவு செய்யலாம் என்ற விதியைக் கரும்பலகையில் எழுதியது இதற்குப் பிறகுதான்.

மூன்று மாற்றங்களை ஒரே சுற்றில் செய்ததால் எது எவ்வளவு உதவியது என்று பிரித்துச் சொல்ல முடியாது. ஒப்பிட்டுப் பார்க்க வேறொரு வகுப்பும் இல்லை. என் வகுப்புக்கு அடுத்து என்ன செய்வது என்று முடிவெடுக்க இவ்வளவு போதும், இன்னொரு பள்ளிக்கு இதையே சொல்ல இது போதாது. தேர்வைக் காலாண்டு விடுமுறை முடிந்து வந்த பிறகு இன்னொரு முறை வைத்தேன். உடனே வைக்கும் தேர்வு நேற்றைய பாடத்தைத்தான் அளக்கும். சிலர் பழைய நினைப்புக்கே திரும்பியிருந்தார்கள், அதிலும் நீளமான எண் பெரியது என்ற பக்கம்தான் அதிகம். குட்டை எண் பெரியது என்ற நினைப்பு கிட்டத்தட்ட மறைந்திருந்தது.

17.35, 17.353 என்ற இணை மட்டும் எல்லாச் சுற்றிலும் அசையாமல் நின்றது. முதல் வகையும் இரண்டாம் வகையும் சரியாகப் போடும் பிள்ளைகளே இங்கே "ரெண்டும் சமம்" என்கிறார்கள், அல்லது ஊகித்து எழுதுகிறார்கள். பேசிப் பார்த்ததில் அவர்கள் புள்ளிக்குப் பின் இரண்டு இலக்கத்தை ரூபாய், பைசா போலப் படிக்கிறார்கள் என்று தெரிகிறது. பைசாவுக்குக் கீழே ஒன்றும் இல்லை, அதனால் மூன்றாவது இலக்கம் அவர்களுக்குக் கணக்கிலேயே வருவதில்லை.

அடுத்த சுற்று அதற்காகத்தான். கடைகளில் உள்ள மின்னணுத் தராசு 1.250 என்று மூன்று இலக்கம் காட்டும். அப்படி ஒன்றை வகுப்புக்குக் கொண்டுவந்து, கயிற்றில் இந்த முறை 0, 1 என்பதற்குப் பதில் 17.35, 17.36 என்று முனைகளை வைக்கப் போகிறேன். தராசும் கிராமில் பேசிப் பேசி மறுபடி முழு எண்ணுக்கே இழுத்துவிடுமோ என்ற சந்தேகம் எனக்கு உண்டு. அதனால் இந்த முறை நோட்டில் முதலில் தேட வேண்டியது சரியான விடையை அல்ல. 17.353ஐ மாட்டும் பிள்ளை "மூணு கிராம்" என்று சொல்கிறதா, "ஆயிரத்துல மூணு" என்று சொல்கிறதா என்பதைத்தான்.