நெகட்டிவ் என்றதும் நிம்மதிப்பட்டேன்

எங்கள் வீடு தக்கலைப் பக்கம். கர்ப்பம் உறுதியானதுமே மாமியார், "பூனையை எங்கேயாவது கொண்டு விடணும் மக்ளே" என்று சொல்லிவிட்டார். சின்னுவுக்கு அப்போது எட்டு மாதம். ராத்திரி எலி பிடித்துத் தின்னும்.

டாக்டரிடம் கேட்டபோது, பூனை மலத்தின் வழியாகப் பரவக்கூடிய டோக்ஸோபிளாஸ்மா என்ற கிருமிக்கான இரத்தப் பரிசோதனை எழுதித் தந்தார். அந்தக் கிருமிக்கு எதிராக உடம்பில் உருவாகும் ஐஜிஜி, ஐஜிஎம் என்ற எதிர்ப்புப் புரதங்கள் இரண்டுமே நெகட்டிவ். அப்பாடா என்றேன். டாக்டர்தான் விளக்கினார்: "இந்தக் கிருமி உங்களுக்கு இதுவரை வந்ததில்லை, அதனால் எதிர்ப்பும் இல்லை. கர்ப்பக் காலத்தில் முதல் தடவையாக வந்தால்தான் குழந்தைக்குப் போகிற பயம். முன்பே வந்து போனவர்களுக்குப் பெரும்பாலும் கவலையில்லை. நீங்கள்தான் கவனமாக இருக்கணும்."

பூனைக்கு இது எலியிலிருந்தும் குருவியிலிருந்தும் வருகிறது. முதல் தடவை தொற்றும்போது இரண்டு மூன்று வாரம் மலத்தில் கிருமியின் முட்டை வெளியேறும். பூனை நன்றாகத்தான் இருக்கும், பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. ஆனால் புதிய மலம் உடனே தொற்றாது. முட்டை முதிர ஒன்று முதல் ஐந்து நாள் ஆகும். அதனால் தினமும் அள்ளிவிட்டால் ஆபத்து வெகுவாகக் குறையும். சின்னுவுக்கு மண் போட்ட தட்டு வைத்தோம். தினம் காலையில் கணவர் அள்ளிப் போட்டு, தட்டில் கொதிநீர் ஊற்றுவார். நான் அந்தப் பக்கமே போகவில்லை. மடியில் வைத்துத் தடவுவதை நிறுத்தவில்லை. அதில் ஆபத்து மிகக் குறைவு. இரவில் வீட்டுக்குள் அடைத்து, சோறும் வேகவைத்த சாளையும் கொடுத்தோம்.

எனக்கு உண்மையில் பயம் தந்தது மண். பயற்றுப் பந்தலுக்கு அடியில் ஒருநாள் பார்த்தேன்: உள்ளங்கை அகலத்துக்குச் சுரண்டி, மேலே மண்ணை இழுத்து மூடிய சின்னக் குழி. சின்னுவோ, ஊர்ப் பூனையோ. ஈர மண்ணில் அந்த முட்டைகள் ஒரு வருடத்துக்கு மேலும் பிழைத்துக் கிடக்கும். நம்மூர் மழைக்கு மண் எப்போது காய்கிறது? நானோ அதுவரை வெறுங்கையால் மரச்சீனி பிடுங்கி, நக இடுக்கில் மண்ணோடு அடுப்படிக்குள் வந்தவள்.

அப்புறம் ரப்பர் கையுறை இல்லாமல் மண்ணைத் தொடவில்லை. கழற்றியதும் சோப்புப் போட்டுக் கை கழுவுவேன். கீரையை மூன்று தண்ணீரில் அலசி, வேகவைத்துத்தான் சாப்பிட்டேன். உப்புத் தண்ணீரிலோ வினிகரிலோ ஊறவைத்தால் இந்த முட்டை சாகாது, வேகும் சூட்டில்தான் சாகும். ஆட்டிறைச்சியிலும் கிருமி இருக்கலாம் என்பதால் நடுவில் சிவப்பு தெரிந்தால் மறுபடி அடுப்பில் ஏற்றுவேன்.

இருபத்திரண்டாம் வாரமும் முப்பத்திரண்டாம் வாரமும் மறுபடி பரிசோதித்தார்கள். இரண்டு தடவையும் நெகட்டிவ்தான். மதில் கட்ட இறக்கிய மணற்குவியலில் பூனைகள் மலம் கழிக்காமலிருக்க மாமனார் அதைத் தினம் சாயங்காலம் தார்ப்பாய் போட்டு மூடுவார். பிள்ளை இப்போது தவழ்கிறான், இன்னும் மூடுகிறார்.