புதுப் பானையின் மண்வாசனையும் நான் செய்த தவறும்

தண்ணீருக்கு ஒரு பானை, சமைக்க ஒரு சட்டி, இரண்டும் ஒரே நாளில் வீட்டுக்கு வந்தன. இரண்டையும் ஒரே முறையில் பழக்கினேன். சட்டி பிழைத்தது, பானை கெட்டது.

வாங்கிய அன்று விரல் முட்டியால் தட்டிப் பார்த்தேன். கணீரென்று ஒலித்ததால் விரிசல் இல்லை என்று தெரிந்தது. காய்ந்திருந்தபோது முகர்ந்தால் லேசான தூசி வாடைதான். தொட்டித் தண்ணீரில் அமிழ்த்தியதும் 'சுர்'ரென்று சத்தம் கேட்டது, உடம்பெங்கும் பொடிக் குமிழிகள் கிளம்பின. கூடவே முதல் மழை பெய்ததுபோல வாசனை எழுந்தது. ஊறவைக்கும் முன் பானையின் எடை 2.1 கிலோ, ஒரு நாள் கழித்து 2.4 கிலோ. முந்நூறு கிராம் தண்ணீர் சுவருக்குள்ளேயே போய் உட்கார்ந்துவிட்டது. அவ்வளவு இடத்தில் அதற்கு முன் இருந்தது காற்று.

வாசனையின் ரகசியம் அந்தக் காற்றில்தான் இருக்கிறது. களிமண்ணின் மணம் சூளையைத் தாண்டி வந்துவிட்டது என்றே நானும் நினைத்திருந்தேன். ஆனால் சூளையின் வெப்பம் அறுநூறு டிகிரிக்கும் மேலே போகும். மண்ணில் இருந்த கரிமப் பொருள்கள் அதில் எரிந்துபோகும். சூளையை விட்டு வந்த பிறகு, எண்ணற்ற நுண்துளைகளைக் கொண்ட அந்தச் சுவர், காற்றில் மிதக்கும் கரிம ஆவிகளைக் கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சிப் பிடித்துக்கொள்கிறது. தண்ணீர் பட்டதும், அது அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டு ஆவிகளை வெளியே தள்ளிவிடுகிறது. காய்ந்த களிமண்ணும் பாறையும் நனைந்தால் மணப்பது ஏன் என்று ஆராய்ந்த இசபெல் ஜாய் பியர், ரிச்சர்ட் தாமஸ் என்ற இரு ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 1964இல் 'நேச்சர்' இதழில் எழுதியதும் இந்த வாசனையைப் பற்றித்தான். 'பெட்ரிக்கோர்' என்ற பெயரை வைத்தவர்களும் அவர்களே.

ஆகவே தண்ணீர்ப் பானைக்குத் தேவை ஊறலும் தண்ணீர் மாற்றலும் மட்டுமே. எனக்கோ அது போதவில்லை. சட்டிக்குச் செய்வதையே பானைக்கும் செய்தேன்: முக்கால் அளவு வடிகஞ்சி ஊற்றி, மிதமான தீயில் கால் மணி நேரம் கொதிக்கவைத்து, அப்படியே ஆறவிட்டேன். சட்டிக்கு இது சரியான வைத்தியம். சூட்டில் குழைந்த மாவுச்சத்து துளைகளுக்குள் இறங்கி அடைத்துக்கொள்வதால், பிறகு குழம்பு சுவருக்குள் ஊறுவதில்லை. மண்வாடையும் உணவில் ஏறுவதில்லை. மறுநாளும் ஒரு முறை செய்தேன். சட்டி தயார்.

பானையிலோ, மூன்றாம் நாள் தண்ணீரில் புளித்த நெடி. வெளிப்புறம் வியர்க்கவே இல்லை. கை வைத்தால் குளிர்ச்சியும் இல்லை. பானைத் தண்ணீர் குளிர்வது, சுவர் வழியே கசியும் ஈரம் ஆவியாகும்போது வெப்பத்தை எடுத்துச் செல்வதால்தான். அந்த வழியைத்தான் கஞ்சி ஊற்றி அடைத்திருந்தேன். துளையில் தங்கிய மாவோ கிருமிகளுக்கு விருந்தாகிவிட்டது. எண்ணெய் தடவியிருந்தால் இன்னும் மோசம். நாளடைவில் சிக்கு வாடை வரும். சோப்பும் கூடாது, குடித்த சோப்பைப் பானை லேசில் திருப்பித் தராது.

மீட்கப் பத்து நாள் ஆனது. தேங்காய் நாரால் உள்ளும் புறமும் தேய்த்தேன். வெந்நீர் ஊற்றி ஊறவைத்துக் கொட்டினேன் (பானை சில்லென்றிருக்கும்போது கொதிநீர் ஊற்றினால் விரிசல் விடும், வெதுவெதுப்பில் தொடங்க வேண்டும்). பிறகு முழு வெயிலில் இரண்டு நாள் கவிழ்த்து உலர்த்தி, மறுபடி நனைத்து, மறுபடி தேய்த்தேன். மூன்றாவது சுற்றில் புளிப்பு போயிற்று. அதன்பின் தினமும் நிரப்பி, மறுநாள் கொட்டினேன். முதல் நாள் மண்வாசனை அடித்தது, இரண்டாம் நாள் மெலிந்தது, நான்காம் நாள் நாக்குக்குத் தெரியவில்லை. வெளியே முத்து முத்தாக வியர்வை!

இப்படி ஒவ்வொரு தண்ணீருக்கும் குறைந்துகொண்டே போனால் அது புதுப் பானையின் வாசனை. சில வாரம் கழித்துத் திடீரென மக்கிய மண் நெடி வந்து, நாளுக்கு நாள் ஏறினால் கதை வேறு. எப்போதும் ஈரமாக இருக்கும் சுவரில் பூஞ்சையோ பாசியோ மண்ணில் வாழும் சில பாக்டீரியாக்களோ குடியேறியிருக்கும். அவற்றில் சில 'ஜியோஸ்மின்' என்ற பொருளைச் சுரக்கின்றன. மனித மூக்கு அதை மிகமிகச் சிறிய அளவிலேயே கண்டுபிடித்துவிடும். தண்ணீரை மாற்றி மாற்றி ஊற்றினால் மட்டும் அந்த நெடி தீராது. தேய்த்துக் கழுவி, எடை பழையபடி 2.1 கிலோவுக்கு இறங்கும்வரை வெயிலில் காயவைக்கிறேன். அந்த நாள்களில் தண்ணீருக்கு இன்னொரு பானை வாங்கி வைத்திருக்கிறேன். அதற்குக் கஞ்சியைக் காட்டவே இல்லை.