கைகுலுக்கல் கணக்கில் எதை இரண்டால் வகுக்கிறோம்?

10 பேர் கூடிய இடத்தில் ஒவ்வொருவரும் மற்ற எல்லோருடனும் ஒரு முறை கைகுலுக்குகிறார்கள். மொத்தம் எத்தனை? 10 × 9 = 90 என்று எழுதி அங்கேயே நிறுத்திவிடுவதுதான் அதிகம் பார்க்கும் தவறு. சூத்திரத்தைச் சொல்வதைவிட ஒரு கட்டம் போட்டுக் காட்டினால் இது சட்டென்று பிடிபடும்.

2023 ஆண்கள் ஒருநாள் கிரிக்கெட் உலகக் கோப்பையை எடுத்துக்கொள்வோம். 10 அணிகள், ரவுண்ட் ராபின் முறை, அதாவது லீக் சுற்றில் ஒவ்வொரு அணியும் மற்ற எல்லா அணிகளோடும் ஒரு தடவை ஆடும். அணிப் பெயர்களை மேலே ஒரு வரிசையாகவும் இடப்பக்கம் ஒரு வரிசையாகவும் எழுதினால் 100 கட்டங்கள் வரும். ஒரு அணி தன்னோடு தானே ஆடாது என்பதால் மூலைவிட்டத்தில் உள்ள 10 கட்டங்களை அடித்துவிடலாம். மிச்சம் 90. இப்போது இந்தியா வரிசையில் பாகிஸ்தான் கட்டத்தில் ஒரு விரலையும், பாகிஸ்தான் வரிசையில் இந்தியா கட்டத்தில் இன்னொரு விரலையும் வையுங்கள். இரண்டும் அக்டோபர் 14-ல் அகமதாபாத்தில் நடந்த அதே ஆட்டம்தான். எல்லா ஜோடியும் இப்படி இரண்டு தடவை பதிவாகியிருக்கிறது. அதனால் 90 ÷ 2 = 45. 10C2 என்ற சேர்வு சொல்வதும் இதையே: இரண்டு பெயரை எடுக்கிறோம், எதை முதலில் எடுத்தோம் என்பது பொருட்டில்லை.

விடை சரியா என்று பார்க்கப் புள்ளிப் பட்டியல் போதும். லீக் முடிவில் 10 அணிகளுக்கும் நேரே 9 ஆட்டங்கள் இருந்தன. கூட்டினால் 90, அதில் பாதி 45. அரையிறுதி இரண்டும் இறுதியும் சேர்ந்து போட்டி 48 ஆட்டங்களில் முடிந்தது.

ஐபிஎல்லுக்கு வந்தால் 10C2 அப்படியே பொருந்தாது. 2022 முதல் 10 அணிகள் இருந்தும் லீக் ஆட்டங்கள் 45-ம் இல்லை, 90-ம் இல்லை. ஒவ்வொரு அணியும் ஐந்து அணிகளோடு இரண்டு தடவையும் நான்கு அணிகளோடு ஒரு தடவையும் ஆடுகிறது. ஆக 14 ஆட்டம். 10 × 14 ÷ 2 = 70. சூத்திரம் மாறினாலும் பாதியாக்கும் காரணம் மாறவில்லை: எந்த ஆட்டத்துக்கும் இரண்டு அணிகள். நான் சூத்திரத்துக்கு முன்னால் இதைக் கற்றுக்கொள்ளச் சொல்வது இதனால்தான்.

ஐந்து தம்பதிகள் கைகுலுக்கும் புதிரில், கணவனும் மனைவியும் தங்களுக்குள் குலுக்குவதில்லை. பலர் 45-லிருந்து 10-ஐக் கழிக்கிறார்கள். பத்துப் பேர் என்றாலும் விட்டுப்போன ஜோடி ஐந்துதான், விடை 40. ஆளுக்கு 8 என்று போட்டாலும், 10 × 8 ÷ 2 = 40.

அட்டவணை போடுபவர்களுக்கு இதில் இன்னொரு பயனும் உண்டு. 9 அணிகள், ஆளுக்கு 5 ஆட்டம் என்று யாராவது கேட்டால் தேதி தேட வேண்டாம். 9 × 5 = 45, இதைப் பாதியாக்கினால் முழு எண் வராது; அப்படியொரு அட்டவணை போடவே முடியாது. ஆளுக்கு 4 அல்லது 6 ஆட்டம் என்று மாற்ற வேண்டும், இல்லையென்றால் பத்தாவதாக ஓர் அணியைச் சேர்க்க வேண்டும்.